குடியிருக்க விட்ட ஃபிளாட் குடோன் ஆனால்: நோட்டீஸில் செய்யக்கூடாத தவறுகள்

குடும்பத்தோடு இருக்கப்போகிறேன் என்று சொல்லி ஃபிளாட்டை எடுத்தவர், ஆறு மாதத்தில் ஒரு படுக்கையறை முழுக்க ஆன்லைன் வியாபாரச் சரக்கை அடுக்கிவிடுகிறார். லிஃப்டில் பெட்டிகள் ஏறி இறங்குகின்றன, அசோசியேஷன் உரிமையாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறது. அவரும் கோபத்தில், "ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 15 நாளில் காலி செய்யுங்கள்" என்று ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார். இந்த ஒரு வரியிலேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, எடுத்த எடுப்பில் காலி செய்யச் சொல்வது. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் இப்போது நடப்பில் இருப்பது, 22.02.2019 முதல் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 21(2)(d) பிரிவு சொல்வது இதுதான்: தவறான பயன்பாட்டை நிறுத்தும்படி உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த பிறகும் வாடகைதாரர் அதையே தொடர்ந்தால், வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். முதல் நோட்டீஸ் 'நிறுத்துங்கள்' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்காத நோட்டீஸை வைத்துக்கொண்டு போனால், "நிறுத்தச் சொல்லவே இல்லையே, சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனே" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். அந்த 15 நாள் கணக்கு, சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவில் மாதவாடகைக் குத்தகையை முடிப்பதற்காகச் சொல்லப்பட்டது. 11 மாத ஒப்பந்தம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இங்கே ஒட்டவைப்பதில் பயனில்லை.

இரண்டாவது தவறுதான் அதிகம் பேர் கவனிக்காதது: ஒப்பந்தத்தின் பயன்பாட்டு நோக்கப் பிரிவை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், எந்த நோக்கத்துக்கு விடப்பட்டதோ அதற்கு மாறாகப் பயன்படுத்தினாலே அது வெளியேற்றக் காரணம். அதன் 10(2)(ii)(b) பிரிவு அதை நேராகவே சொன்னது. புதிய சட்டத்தில் 'தவறான பயன்பாடு' என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. கூடுதல் இடத்தை ஆக்கிரமிப்பது, பொதுத் தொல்லை தருவது, சொத்துக்குச் சேதம் செய்வது, உரிமையாளரின் நலனுக்குப் பாதகமாக இருப்பது, சட்டவிரோதமாகவோ ஒழுக்கக்கேடாகவோ பயன்படுத்துவது ஆகியவை அதில் வருகின்றன. ஆகவே 'வசிப்பதற்கு மட்டும்' என்ற பிரிவை எடுத்துக்காட்டிய கையோடு, அதை மீறியதால் உங்களுக்கு என்ன பாதகம் என்பதையும் எழுத வேண்டும். பழைய மாதிரி நோட்டீஸ்களை அப்படியே காப்பி அடிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பாதகத்தைக் காட்டுவது கடினமில்லை. உதாரணத்துக்கு, பத்துக்குப் பதினோரு அடி அறை ஒன்றில் 120 அட்டைப்பெட்டிகள், ஐந்து அடுக்காக. பெட்டி மேலேயே எடை அச்சிட்டிருக்கும். 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400 கிலோ. அறையின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் என்பதால், சரக்கை அறை முழுக்கப் பரப்பி வைத்ததாகக் கணக்கிட்டாலும் சதுர மீட்டருக்கு 240 கிலோ வரும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைக்கு எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். சேமிப்புக் கிடங்குக்கு அதுவே குறைந்தது 750 கிலோ. நிஜத்தில் பெட்டிகள் பரவியும் இருக்காது. 40க்கு 50 சென்டிமீட்டர் அடியுள்ள பெட்டியில் ஐந்து அடுக்கு என்றால், அந்த இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 500 கிலோ இறங்குகிறது. இதற்காக 'கட்டடம் இடிந்துவிடும்' என்று எழுதிவிடாதீர்கள். அதைப் பொறியாளர் வந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். தளம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைவிட அதிகச் சுமை ஏற்றப்பட்டிருக்கிறது என்று எண்ணோடு எழுதினால் போதும்.

அடுத்தது மின்சாரம். இணைப்பு உங்கள் பெயரில், வீட்டு உபயோகக் கட்டண விகிதத்தில் இருக்கிறது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எந்தத் தேதியிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதம் வரை பின்னோக்கிப் போகலாம். அந்தக் கோரிக்கை உங்கள் பெயருக்கு வரும் என்பதைவிடத் தெளிவான பாதகம் வேறென்ன வேண்டும்?

இவ்வளவையும் சேர்த்தால் நோட்டீஸின் நடுப்பகுதி கிட்டத்தட்ட இப்படி வரும்:

"10.06.2025 தேதியிட்ட ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவின்படி, மேற்படி வீட்டைத் தாங்கள் குடும்பத்துடன் வசிப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். 14.11.2025 அன்று முன்னறிவிப்பு கொடுத்துப் பார்வையிட்டபோது, தெற்குப் படுக்கையறையில் சுமார் 120 சரக்குப் பெட்டிகள் ஐந்து அடுக்காக இருந்தன. இது குடியிருப்புத் தளத்துக்குரிய சுமையை மீறுவதுடன், என் பெயரிலுள்ள வீட்டு மின் இணைப்பின் மீது கூடுதல் கோரிக்கை வரவும் இடமளித்து, என் நலனுக்குப் பாதகமாக உள்ளது. இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் சரக்கை அகற்றி, சேமிப்புப் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் 21(2)(d) பிரிவின்படி வாடகை நீதிமன்றத்தில் மனு செய்வேன்."

இதில் பிரிவின் வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். 'கமர்ஷியல் உபயோகம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், "வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பதும் தப்பா?" என்று பேச்சு திசைமாறும். எந்த அறை, எத்தனை பெட்டி, எந்தத் தேதி என்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும்.

ஆதாரம் சேர்க்கப் போய் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. டூப்ளிகேட் சாவி இருக்கிறதே என்று ஆள் இல்லாத நேரத்தில் திறந்து படம் எடுக்கக்கூடாது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்து, பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். அந்த முன்னறிவிப்பு வாட்ஸப்பில் போனால் அதன் ஸ்கிரீன்ஷாட்டும் கோப்பில் இருக்கட்டும். கெடு முடிந்த பிறகு இதேபோல் இரண்டாவது முறை பார்வையிட்டாக வேண்டும். 'தொடர்ந்தார்' என்பதுதானே வழக்கின் உயிர். முதல் நாள் படத்தை மட்டும் வைத்து அதைக் காட்ட முடியாது.

நோட்டீஸ் எழுத உட்காருவதற்கு முன், பழைய காகிதங்களை ஒருமுறை புரட்டுங்கள். "ஜி.எஸ்.டி.க்கு ஒரு கையெழுத்து சார்" என்று வாடகைதாரர் கேட்டு, ஆட்சேபணை இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்திருக்கலாம். அந்த முகவரி கூடுதல் வணிக இடமாகப் பதிவாகியிருந்தால், அந்தக் கடிதத்தையே உங்கள் சம்மதம் என்று நீட்டுவார். அப்படி ஒன்று இருந்தால் மறைக்காமல் நோட்டீஸிலேயே குறிப்பிட்டு, அது தபால் முகவரிக்காகத் தரப்பட்டதா, சரக்கு வைக்கவா என்பதை விளக்கி, எதிர்காலத்துக்கு அதைத் திரும்பப் பெறுவதாக எழுதுவது மேல்.

வாடகை விஷயத்திலும் கவனம் வேண்டும். எல்லாம் தெரிந்தும் மாதாமாதம் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தால், மீறலைப் பொறுத்துக்கொண்டதாக வாதம் எழும். அதற்காக வாங்க மறுக்க வேண்டாம். 'நோட்டீஸ்படியான என் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று ரசீதில் ஒரு வரி சேருங்கள். வங்கிக்கு நேராக வந்தால் அன்றைக்கே அதே வரியைச் செய்தியாக அனுப்புங்கள்.

எவ்வளவு எரிச்சல் வந்தாலும் ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீரை அடைப்பது, பூட்டு போடுவது எதுவும் கூடாது. அத்தியாவசிய வசதியை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. அடுத்த வாரம் புகார் கொடுப்பவர் அவராக இருப்பார்.

அனுப்பும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எல்லோர் பெயரும் இருக்கட்டும், கணவன் மனைவி இருவர் என்றால் இருவரும். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியையும் விநியோகச் சான்றையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சான்றில் இருக்கும் தேதியிலிருந்துதான், சரக்கை அகற்ற நீங்கள் கொடுத்த 15 நாள் தொடங்குகிறது.