பம்பிங் லெம்மா: எந்தச் சரத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு மொழி ரெகுலர் அல்ல என்று நிரூபிக்கச் சொன்னால், மாணவர்களில் பெரும்பாலானோர் லெம்மாவின் வாசகத்தைப் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். அதற்கடுத்த வரியில், அதாவது சரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், தடுமாறுகிறார்கள். நானும் முதன்முறை அந்த வரியில்தான் மதிப்பெண்ணை இழந்தேன். ஆகவே இங்கே ஒரே மொழியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாத சரங்கள் ஏன் பொருந்தவில்லை என்பதையும் பொருந்தும் சரம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் படிப்படியாகப் பார்ப்போம். ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்றால் என்ன என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: லெம்மா எங்கிருந்து வருகிறது?

ஐந்து நிலைகள் மட்டுமே உள்ள ஒரு டிஎஃப்ஏ `aaaaabbbbb` என்ற சரத்தை ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தைப் படிப்பதற்கு முன் அது ஒரு நிலையில் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு `a`-வைப் படித்ததும் ஒரு நிலைக்குச் செல்கிறது. ஆக, ஐந்து `a`-க்களைப் படித்து முடிப்பதற்குள் அது ஆறு முறை ஏதோ ஒரு நிலையில் நின்றிருக்கிறது. இருப்பதோ ஐந்து நிலைகள். எனவே ஏதேனும் ஒரு நிலைக்கு அது இரண்டு முறை வந்தே ஆக வேண்டும். உதாரணமாக, இரண்டாவது எழுத்தைப் படித்தபின் இருந்த அதே நிலைக்கு நான்காவது எழுத்தைப் படித்தபின்னும் வந்தது என்று கொள்வோம். அப்படியானால் மூன்றாவது, நான்காவது எழுத்துகள் ஒரு சுற்றுப்பாதையாக அமைந்துவிடுகின்றன. அந்தச் சுற்றை இன்னொரு முறை சுற்றிவந்தாலும் இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது என்பதால், ஏழு `a`-க்களும் ஐந்து `b`-க்களும் கொண்ட சரத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். சுற்றைத் தவிர்த்துவிட்டால், மூன்று `a`-க்களும் ஐந்து `b`-க்களும் கொண்ட சரத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

லெம்மா சொல்வது இவ்வளவுதான். ராபினும் ஸ்காட்டும் 1959-இல் ஃபைனைட் ஆட்டோமேட்டாவைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. இதை முறையாக எழுதினால் இப்படி வரும்: L ஒரு ரெகுலர் மொழி என்றால், p என்று ஒரு நேர்ம முழு எண் இருக்கும்; L-இல் உள்ள, p அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுடைய ஒவ்வொரு சரம் s-ஐயும் s = xyz என்று மூன்றாகப் பிரிக்க முடியும்; அந்தப் பிரிவு கீழ்க்கண்ட மூன்றுக்கும் உட்பட்டிருக்கும்.

```
|y| ≥ 1
|xy| ≤ p
ஒவ்வொரு i ≥ 0-க்கும்  x y^i z ∈ L
```

மேலே பார்த்த இயந்திரத்தில் p என்பது 5, x என்பது முதல் இரண்டு எழுத்துகள், y என்பது சுற்று, z என்பது மீதி. இரண்டாவது நிபந்தனைக்குக் காரணமும் அங்கேயே தெரிகிறது: நிலை திரும்ப வருவது முதல் p எழுத்துகளுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. தேர்வில் பலரும் எழுதிவைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவது இந்த நிபந்தனையைத்தான். நிரூபணத்தில் நமக்குப் பெரிதும் கைகொடுப்பதும் இதுவேதான்.

படி 2: யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நாம் முரண்பாட்டின் வழியாக நிரூபிக்கிறோம். "L ரெகுலர்தான்" என்று வாதிடும் ஓர் எதிராளி இருப்பதாக எண்ணிக்கொண்டால் வரிசை குழம்பாது. முதலில் எதிராளி p-ஐச் சொல்கிறார். அது எந்த எண் என்று நமக்குத் தெரியாது. அடுத்து நாம் L-இலிருந்து s-ஐத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு எதிராளி தமக்கு வசதியான முறையில் அதை x, y, z என்று பிரிக்கிறார். கடைசியாக நாம் i-ஐத் தேர்ந்தெடுக்கிறோம். சரம் L-ஐ விட்டு வெளியேறினால் நாம் வென்றோம். ஆனால் எதிராளி எப்படிப் பிரித்திருந்தாலும் வெல்ல வேண்டும்.

இதிலிருந்து இரண்டு தவறுகளை உடனே அடையாளம் காணலாம். s = `aaabbb` என்று எழுதினால், p என்பது 7 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது அந்தச் சரத்தைப் பற்றி லெம்மா எதுவுமே சொல்வதில்லை; எனவே s எப்போதும் p-ஐக் கொண்டே எழுதப்பட வேண்டும். "y = `a` என்று கொள்வோம்" என்று எழுதினால், எதிராளியின் முறையை நாமே ஆடிவிட்டோம் என்று பொருள்; அவருடைய பல பிரிவுகளில் ஒன்றை மட்டுமே அது முறியடிக்கிறது.

படி 3: சரத்தைத் தேடுவோம்

நம் மொழி இது: `a`-க்களின் எண்ணிக்கையும் `b`-க்களின் எண்ணிக்கையும் சமமாக உள்ள எல்லாச் சரங்களும். எழுத்துகள் எந்த வரிசையில் வந்தாலும் சரியே.

முதல் முயற்சியாக (ab)^p என்ற சரத்தை எடுப்போம். அது L-இல் இருக்கிறது, நீளம் 2p, எல்லாம் முறையாகவே இருக்கிறது. இப்போது நாற்காலியை மாற்றி எதிராளியின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். p குறைந்தது 2 என்றால், x-ஐ வெற்றுச் சரமாகவும் y-ஐ `ab` ஆகவும் அவர் வைத்துக்கொள்ளலாம். y-ஐ எத்தனை முறை திரும்ப எழுதினாலும், அடியோடு நீக்கினாலும், எண்ணிக்கைகள் சமமாகவே இருக்கின்றன. நாம் தோற்றோம். L ரெகுலர் என்று இதனால் ஆகிவிடாது. நாம் தேர்ந்தெடுத்த சரம் பயன்படவில்லை என்பது மட்டுமே பொருள்.

இரண்டாவது முயற்சியில், p இரட்டை எண் என்று கொண்டு, a^(p/2) b^(p/2) என்ற சரத்தை எடுப்போம். நீளம் சரியாக p என்பதால் இது சிக்கனமான தேர்வு போலத் தோன்றும். ஆனால் முதல் p எழுத்துகளுக்குள் `b`-க்களும் வந்துவிடுவதால், `a`-க்கள் முடிந்து `b`-க்கள் தொடங்கும் எல்லையில் இருக்கும் `ab`-ஐ எதிராளி y ஆக எடுத்துக்கொள்வார். அதைத் திரும்பத் திரும்ப எழுதினால் வரிசைதான் கலைகிறது, எண்ணிக்கை கலைவதில்லை. நம் மொழிக்கோ வரிசை பொருட்டே அல்ல. மீண்டும் தோற்றோம்.

இந்த இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே: y-இல் `a`-வும் `b`-யும் சம அளவில் இடம்பெற எதிராளிக்கு வாய்ப்பு கொடுத்துவிட்டோம். அந்த வாய்ப்பை அடைக்க வேண்டுமானால், அவர் கை வைக்கக்கூடிய முதல் p இடங்களிலும் ஒரே எழுத்தை நிரப்பிவிட வேண்டும். அப்படி நிரப்பியபின் சரம் L-இல் இருப்பதற்காக மீதியைச் சேர்த்தால், a^p b^p தானாகவே கிடைக்கிறது.

படி 4: நிரூபணத்தை எழுதுதல்

L ரெகுலர் என்று கொள்வோம். p அதன் பம்பிங் நீளம் ஆகட்டும். s = a^p b^p என்று எடுப்போம்; s ∈ L, |s| = 2p ≥ p. லெம்மாவின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட s = xyz என்ற எந்தப் பிரிவையும் எடுத்துக்கொள்வோம். |xy| ≤ p என்பதாலும், s-இன் முதல் p எழுத்துகளும் `a` என்பதாலும், y முழுவதும் `a`-க்களால் ஆனது; எனவே 1 ≤ k ≤ p ஆக உள்ள ஏதேனும் ஒரு k-க்கு y = a^k ஆகும். i = 2 எனில் x y^2 z = a^(p+k) b^p. k ≥ 1 ஆதலால் `a`-க்கள் `b`-க்களைவிட அதிகம். இச்சரம் L-இல் இல்லை. இது லெம்மாவுக்கு முரண். ஆகவே L ரெகுலர் அல்ல.

"எந்தப் பிரிவையும்" என்ற சொற்கள் இங்கே அலங்காரம் அல்ல. எதிராளியின் எல்லாப் பிரிவுகளையும் k என்ற ஒரே எழுத்துக்குள் அடக்க முடிந்தது, சரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்ததால்தான். ஒருவேளை உங்கள் நிரூபணம் "y-இல் `a` மட்டும் இருந்தால்", "`b` மட்டும் இருந்தால்", "இரண்டும் இருந்தால்" என்று மூன்று நிலைகளாகக் கிளைத்தால், அது தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதைவிட நல்ல சரம் ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கு அது அறிகுறி.

படி 5: விளிம்பில் நிற்கும் சரம்

சமம் என்ற நிபந்தனை இருக்கும்போது, எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் சரம் வெளியேறிவிடும். நிபந்தனை தளர்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். m > n ஆக உள்ள a^m b^n வகைச் சரங்களின் மொழியை எடுத்துக்கொள்வோம். இதில் a^(2p) b^p என்று எடுத்தால், எதிராளி y-ஐ ஒரே ஒரு `a` ஆக வைத்துக்கொள்வார். திரும்ப எழுதினால் `a`-க்கள் கூடத்தான் செய்யும்; நீக்கினாலும் 2p − 1 மிஞ்சும், அது p ≥ 2 ஆக இருக்கும்போது p-ஐவிட அதிகமே. சரம் எல்லையிலிருந்து வெகு தொலைவில் நிற்பதுதான் இங்கே சிக்கல்.

ஆகவே நிபந்தனையை மயிரிழையில் நிறைவேற்றும் a^(p+1) b^p என்ற சரத்தை எடுப்போம். y = a^k என்பது முன்போலவே கிடைக்கும். இப்போது i = 2 உதவாது; i = 0 என்று வைத்தால் a^(p+1−k) b^p வருகிறது. k ≥ 1 என்பதால் `a`-க்களின் எண்ணிக்கை p-ஐத் தாண்டாது. சரம் L-ஐ விட்டு வெளியேறிவிடுகிறது. i பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதைத் தொடக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லெம்மா கைவிடும் இடம்

எவ்வளவு தேடியும் சரம் கிடைக்காவிட்டால், தவறு உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. a^i b^j c^k வகைச் சரங்களில், i = 1 ஆக இருந்தால் மட்டும் j = k ஆக வேண்டும் என்று விதிக்கும் மொழியைப் பாருங்கள். எதிராளி p = 2 என்று சொல்லிவிட்டு எப்போதும் வெல்வார். ஒரே ஒரு `a` இருந்தால் அதையே y ஆக எடுப்பார்; பெருக்கினாலும் நீக்கினாலும் i என்பது 1 ஆக இருக்காது, அல்லது மூலச் சரமே திரும்ப வரும். இரண்டு `a` இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுப்பார். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்றை எடுப்பார். `a`-வே இல்லாவிட்டால் முதல் எழுத்து எதுவோ அதை எடுப்பார். எந்த நிலையிலும் சரம் மொழிக்குள்ளேயே இருக்கும்.

ஆனாலும் இந்த மொழி ரெகுலர் அல்ல. இதை `ab*c*` என்ற ரெகுலர் மொழியோடு வெட்டினால் a b^n c^n மட்டுமே எஞ்சும். இரண்டு ரெகுலர் மொழிகளின் வெட்டும் ரெகுலராகவே இருக்கும். எனவே a b^n c^n ரெகுலர் அல்ல என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு s = a b^p c^p போதும்: முதல் p எழுத்துகளில் `c` வராது, ஆகவே y-ஐ நீக்கினால் ஒன்று தொடக்க `a` போய்விடும், அல்லது `c`-க்கள் அப்படியே இருக்க `b`-க்கள் மட்டும் குறைந்துவிடும்.