எந்தத் துறை என்று தெரியுமுன் கேமரா வாங்காதீர்கள்

போன மாதம் என் எடிட் ரூமுக்கு ஒரு தம்பி வந்தான். விஸ்காம் மூன்றாம் வருடம். "ஒளிப்பதிவா, எடிட்டிங்கா, சவுண்டா, டைரக்‌ஷனான்னு இன்னும் முடிவு பண்ணலண்ணா" என்றான். தோளில் கனமான பை. திறந்து காட்டினான்: புது மிரர்லெஸ் கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு கிம்பல். அப்பா பெயரில் லோன் போட்டு வாங்கியது. எந்தத் துறை என்று தெரிவதற்குள் முதல் தவணையைக் கட்டிவிட்டார்கள்.

சினிமாவுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில், ஃபோகஸ் போவது, ஷாட் ஆடுவது, பேட்டரியை சார்ஜ் போட மறப்பது எல்லாம் இரண்டு ஷூட்டில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைப் பற்றித்தான் எழுதவேண்டும். அது ஒருகாலத்தில் நானும் கடனில் வாங்கி வைத்திருந்த பை.

கடனில் கேமரா

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மூன்று லட்சம் ரூபாய், 14 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,250 ரூபாய். வட்டி மட்டும் 69,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஆனால் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

மாதம் பத்தாயிரம் கட்டவேண்டும் என்றானதும் அதைச் சம்பாதித்துத் தருகிற வேலைக்குத்தான் போகமுடியும். கையில் கேமரா இருப்பவனுக்கு அப்படிக் கிடைப்பது கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. அது மரியாதையான தொழில். அதையே விரும்பிச் செய்து நன்றாக வாழ்பவர்களை எனக்குத் தெரியும். நான் விரும்பிப் போகவில்லை, தவணை கூட்டிப்போனது. இரண்டாவது வருடம் ஒரு ஒளிப்பதிவாளர் என்னை உதவியாளராகக் கூப்பிட்டார். 45 நாள் வெளியூர் ஷெட்யூல். சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, கைக்கு வருவது சொற்பம். அந்த 45 நாளில் வரும் ஏழு முகூர்த்தங்களுக்கு நான் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கி, அந்தப் பணத்தைத் தவணைக்கும் கட்டிவிட்டிருந்தேன். "வரமுடியாது சார்" என்று போனில் சொன்னேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

ஆரம்பகால உதவியாளர் வேலை எந்தத் துறையிலும் குறைந்த பணத்துக்குத்தான் கிடைக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் மாதச் செலவு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவு சுதந்திரமாக ஒரு நல்ல ஆளிடம் போய்ச் சேரலாம். கடன் அந்தச் சுதந்திரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்று, சினிமாவில் உதவி ஒளிப்பதிவாளரிடம் யாரும் சொந்தக் கேமரா கேட்பதில்லை. கேமராவும் லென்ஸ்களும் வாடகை யூனிட்டிலிருந்து வரும், கூடவே அதைக் கையாளும் ஆட்களும் வருவார்கள். வாடகை தயாரிப்பாளர் கணக்கு. உங்களிடம் எதிர்பார்ப்பது வெளிச்சத்தைப் பார்க்கத் தெரிந்த கண். அதற்கு ஒரு ஜன்னலும் ஒரு தெர்மாகோல் அட்டையும் போதும். காலை பத்து மணிக்கு அம்மாவை ஜன்னல் பக்கமாக உட்காரச் சொல்லுங்கள். போன் கேமராவில் எக்ஸ்போஷரை லாக் செய்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலைப் பிடியுங்கள். ஒரு அடி கிட்டே கொண்டுபோனால் கன்னத்து நிழல் கரைகிறது. இரண்டு அடி பின்னால் நகர்த்தினால் மூக்கோரம் நிழல் மறுபடி கனக்கிறது. கதையில் அவர் சோகமாக இருக்கிறார் என்றால் அட்டை எங்கே நிற்கவேண்டும்? இந்தக் கேள்வியோடு ஒரு மணி நேரம் உங்களால் மல்லுக்கட்ட முடிந்தால் ஒளிப்பதிவு உங்களுக்கு ஒத்துவரும். பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டால் மூன்று லட்ச ரூபாய்க் கேமராவும் அதை மாற்றாது.

எனக்கு அலுத்துப்போனது. கல்யாணத்தில் பகலெல்லாம் எடுத்தது கடமைக்கு. ராத்திரி எடிட்டில் உட்கார்ந்து, தாலி ஏறும் ஷாட்டை விட்டுவிட்டு, தூணோரம் நின்று பெண்ணின் அண்ணன் கண்ணைத் துடைக்கும் ஷாட்டை எத்தனை நொடி வைப்பது என்று தேடும்போதுதான் எனக்கு நேரம் போவதே தெரியவில்லை. நான் எடிட்டர் என்று கண்டுபிடிக்க இரண்டு வருடமும் ஒரு கடனும் ஆனது. ஒரு மாதத்தில் தெரிந்திருக்கவேண்டிய விஷயம் அது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன வழி இதுதான். சமையலறையில் அம்மாவும் மகனும் பேசும் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எழுதிக்கொள். நான்கு நண்பர்கள் சேருங்கள். நான்கு வாரம், வாரம் ஒருமுறை அதே காட்சியை எடுங்கள். ஒவ்வொரு வாரமும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சவுண்டு வாரத்தில் ஹெட்போனை மாட்டியதும் அதுவரை கேட்காத ஃபிரிட்ஜ் முனகல் கேட்கும். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு பைக் சாவியை அதற்குள்ளேயே வை. சாவி இல்லாமல் கிளம்பமுடியாது, திரும்ப ஆன் செய்ய மறக்கவும் மாட்டாய். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய். எடிட்டில் வசனத்துக்கு நடுவே வெட்டும்போது விழும் ஓட்டையை அதைவைத்துத்தான் மூடமுடியும். எடிட் வாரத்தில் அதே ஃபுட்டேஜை மூன்று விதமாக வெட்டு: ஒன்று அம்மாவின் காட்சியாக, ஒன்று மகனின் காட்சியாக, ஒன்று பேசாத இடங்களை நீட்டி. டைரக்‌ஷன் வாரத்தில், ஆளாளுக்கு வந்து கேட்கும் கேள்விகளுக்கு நீ சொன்ன பதில்களை எழுதிவை. சட்டை எது, கரண்டி எந்தக் கையில், அம்மா எப்போது திரும்பவேண்டும் என்று இருபது முப்பது வரும்.

படம் எது நன்றாக வந்தது என்று பார்க்காதே. எந்த வாரம் மற்றவர்கள் "போதும்டா" என்றபிறகும் நீ எழுந்திருக்கவில்லை என்று பார்.

டைரக்‌ஷன் சேர்ந்தால் எல்லாம் சேர்ந்து வரும் என்று நினைப்பது

வராது. உதவி இயக்குநரின் நாள், ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் குறித்துவைக்கும் கன்டின்யூட்டி நோட்டிலும், நடிகர்களை நேரத்துக்கு வரவழைப்பதிலும், டப்பிங் தியேட்டரில் உதட்டசைவு பார்ப்பதிலும் போகிறது. கதை விவாதத்தில் உட்காரும் நாளும் உண்டு. இந்த நோட்டுப் புத்தக வேலை பிடிக்காதவர் பல வருடம் அங்கே நின்று, கையில் வேறு தொழிலும் இல்லாமல் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். "முதலில் எடிட்டிங், பிறகு டைரக்‌ஷன்" என்று வருபவரையும் நான் சேர்ப்பதில்லை. ஒலியும் படமும் சிங்க் செய்யவேண்டிய நாளில் அவர் மனம் தன் ஸ்கிரிப்ட்டில் இருக்கும்.

மென்பொருள் தெரிந்ததால் எடிட்டர் என்று சொல்லிக்கொள்வது

என்னிடம் வரும் உதவியாளர் முதல் ஆறு மாதம் வெட்டுவதே இல்லை. ஃபுட்டேஜை ஒழுங்குபடுத்துவதும் சவுண்டுக்கும், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் டிஐக்கும் சரியாக அனுப்புவதும்தான் வேலை. ஷூட்டிங் நடக்கும் இடத்திலேயே வெட்டிப் பார்க்கும் ஸ்பாட் எடிட்டராகப் போனால் வெட்டும் வாய்ப்பு சீக்கிரம் வரும்.

இயற்பியலை விட்டுவிடுவது

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பவர்களுக்கு மட்டும். திரைப்படக் கல்லூரிகளில் ஒலிப்பதிவுக்கும் சில இடங்களில் ஒளிப்பதிவுக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் கேட்பதுண்டு. தரமணியோ புனேவோ கொல்கத்தாவோ, அந்த வருடத்துச் சேர்க்கை அறிவிப்பை இப்போதே படியுங்கள்.