"பேஷன்ட் நல்லா இருக்காங்க, மருந்தை ஏன் மாற்றணும்?"

போன மாதம் ரவுண்ட்ஸில் ஒரு கேஸ் ஷீட்டைத் திருப்பினேன். "மெரோபெனம், நாள் 11" என்று எழுதியிருந்தது. பல வகைக் கிருமிகளைப் பிடிக்கும் அகலமான ஆன்டிபயாட்டிக் அது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் என்ன வந்தது என்று கேட்டேன். ஜூனியர் டாக்டர் நான்கைந்து பக்கம் பின்னால் போய்த் தேடி எடுத்தார். ரிப்போர்ட் மூன்றாம் நாளே வந்திருந்தது. "பேஷன்ட் நல்லா இருக்காங்க சார், அதான் அப்படியே தொடர்ந்தோம்" என்றார். பயிற்சிக் காலத்தில் நானும் என் சீனியரிடம் இதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த வாக்கியம் மட்டும் வார்டை விட்டுப் போகவில்லை.

சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் எடு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்தான் என்னை எழுத வைக்கின்றன.

கல்ச்சர் முடிவு வந்த பிறகும் முதல் நாள் மருந்தையே தொடர்வது

அந்த நோயாளிக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே வலி, ரத்த அழுத்தம் 84/50. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய. இரவுப் பணியில் இருந்தவர் இரண்டு இடங்களில் குத்தி ரத்தக் கல்ச்சர் எடுத்தார், சிறுநீரும் அனுப்பினார், பிறகு மெரோபெனம் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கினார். இதில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கிருமி என்று தெரியாது, ஆள் ஷாக்கில் இருக்கிறார், தவறிப் போக இடமில்லை. அந்த இரவில் நானும் அதையேதான் தொடங்கியிருப்பேன்.

மறுநாள் லேப் அழைத்தது: பாட்டிலில் கிராம் நெகட்டிவ் கிருமி. மூன்றாம் நாள் முழு ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மட்டும் எதிர்ப்பு. செஃப்ட்ரியாக்சோன், கோட்ரைமாக்சசோல் இரண்டுக்கும் சென்சிடிவ். ஸ்கேனில் கல்லோ அடைப்போ சீழ்க்கட்டியோ இல்லை. அதற்குள் காய்ச்சல் விட்டு, ரத்த அழுத்தமும் தானாகவே சீராக நின்றது. அன்றைக்குக் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது மூன்றே சொல்: "சீராக உள்ளார். தொடரவும்."

இந்த மூன்று சொல்லைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அவர் தேறியது மெரோபெனம் பெரிய மருந்து என்பதால் அல்ல, அந்தக் கிருமி அதற்கு அடங்கியது என்பதால். அதே கிருமி செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கும் என்று லேப் எழுதிக் கொடுத்திருக்கிறது. முதல் இரவில் அகலமான மருந்து கொடுத்ததற்கு ஒரே காரணம், நமக்கு விஷயம் தெரியாது. மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. அப்போது அந்தக் காரணமும் போய்விட்டது, மருந்து மட்டும் தொடர்கிறது.

தொடர்ந்தால் என்ன என்று கேட்பார்கள். மெரோபெனம் ரத்தத்தில் இருக்கும் ஈ.கோலையோடு நிற்பதில்லை. குடலில் இருக்கும் காற்றில்லா உயிரிகளையும் சேர்த்து அழிக்கிறது. அந்தக் கூட்டம் இருக்கும்வரை வேறு கிருமிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அது போனதும் இரண்டு விதமான விருந்தாளிகள் வரலாம். ஒன்று, க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி என்ற, வித்துகளாகப் பரவி வயிற்றுப்போக்கைத் தரும் கிருமி. மற்றொன்று, மெரோபெனத்துக்கே அடங்காத க்ளெப்சியெல்லா போன்றவை. இரண்டாவது வந்தால் நோயாளிக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை சிறுநீரில் தொற்று வரும்போதுதான் தெரியும். அப்போது கையில் மருந்தே இருக்காது.

அந்த அம்மாவுக்கு வந்தது முதலாவது. ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு நாள் ஓடிவிட்டது. நான் பார்த்த பதினோராம் நாள் ஒரே இரவில் எட்டு முறை போயிருந்தார், வெள்ளை அணு எண்ணிக்கை திரும்ப ஏறியிருந்தது. நாளுக்கு மூன்று முறை மருந்து ஏற்றி ஏற்றி இரண்டு கையிலும் நரம்பு வீங்கி, புது ஊசிக்கு இடம் தேட வேண்டியிருந்தது. மலத்தில் டிஃபிசிலி நச்சுக்கான பரிசோதனை பாசிட்டிவ். மெரோபெனத்தை அன்றே நிறுத்தி, வாய்வழி வேன்கோமைசின் 125 மில்லிகிராம் நாளுக்கு நான்கு முறை, 10 நாள் கொடுத்தோம். வந்த நோய்க்கு ஏழு நாள் போதும். நாம் கொடுத்த நோய்க்கு அதற்கு மேல் பத்து நாள்.

அவருக்கு என்ன செய்திருக்க வேண்டும்? மூன்றாம் நாள் செஃப்ட்ரியாக்சோன், நாளுக்கு ஒரே ஊசி. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வாய்வழி சாப்பிட முடிந்ததும், சிறுநீரகமும் பொட்டாசியமும் சரியாக இருந்தால், கோட்ரைமாக்சசோல் மாத்திரை. ஏழாம் நாளோடு நிறுத்தம். ஐந்தாம் நாளே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றியிருந்தால் டிஃபிசிலி வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. அந்த மருந்திலும் அது வரும். மருந்தைக் குறுக்குவது பாதி வேலைதான், நாளைக் குறுக்குவது மறுபாதி. இங்கே இரண்டுமே நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்று அந்த ஜூனியரோடு உட்கார்ந்து பார்த்தேன். சோம்பல் இல்லை. ரிப்போர்ட் மதியம் வந்தது, ரவுண்ட்ஸ் காலையில் முடிந்துவிட்டது. மறுநாள் பணி மாறியது. பார்த்தவர் முடிவெடுக்கவில்லை, முடிவெடுக்க வேண்டியவர் பார்க்கவில்லை. அதனால் இப்போது எங்கள் பிரிவில், முதல் டோஸ் கொடுத்து 48 மணி நேரம் ஆனதும் லேபுக்கு நாமே பேசுகிறோம். கேஸ் ஷீட்டில் மூன்று விஷயம் எழுதியாக வேண்டும்: என்ன வளர்ந்தது, எந்த மருந்து போகிறது, கடைசி நாள் எது. ஒன்றும் வளரவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். மருந்துக்கு முன்பே சரியாக எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை என்பதும் ஒரு பதில்தான். சில மருந்துகளைக் கழற்ற அதுவே போதும்.

குறுகிய மருந்து என்றால் பலம் குறைந்த மருந்து என்று நினைப்பது

என் சீனியரிடம் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது இந்தத் தவறில்தான். டயாலிசிஸ் குழாய் வழியே ரத்தத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏறிய ஒருவர். வேன்கோமைசின் போய்க்கொண்டிருந்தது. கிருமி மெத்திசிலின் வகைக்கு அடங்கும் என்று ரிப்போர்ட் வந்தது. குழாயை எடுத்துவிட்டோம், காய்ச்சலும் கொஞ்சம் குறைந்தது. வேன்கோமைசின்தான் எதையும் பிடிக்குமே, எதற்குக் குறுகிய மருந்துக்கு மாற வேண்டும் என்று நினைத்து ஆறு நாள் தொடர்ந்தேன். ஆறாம் நாள் எடுத்த கல்ச்சரிலும் அதே கிருமி வளர்ந்தது.

சீனியர் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கிருமியை செஃபாசோலின் இதைவிட வேகமாகக் கொல்லும்" என்று மட்டும் சொன்னார். அதுதான் உண்மை. மெத்திசிலினுக்கு அடங்கும் ஆரியஸுக்கு வேன்கோமைசின் மெதுவான மருந்து. செஃபாசோலினோ ஃப்ளூக்ளாக்சசிலினோ கொடுத்தால் இறப்பு குறைவு. நான் அகலத்தை பலம் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனை வகைக் கிருமியைப் பிடிக்கும் என்பது ஒரு கேள்வி, இந்தக் கிருமியை எவ்வளவு நன்றாகக் கொல்லும் என்பது வேறு கேள்வி. மருந்தை மாற்றிய மூன்றாம் நாள் கல்ச்சர் சுத்தமாக வந்தது. இடையில் அவர் இழந்த நாட்களுக்குக் காரணம் நான்.

எம்.ஐ.சி. எண் சிறியதாக இருக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது

எம்.ஐ.சி. என்பது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு. சென்சிடிவ் என்று சொல்வதற்கான எல்லைக்கோடு ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் சென்சிடிவ் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறுகிய மருந்துக்கு மாற்றுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. குறுக்க வேண்டும் என்று ஆர்வமாக இருப்பவர்கள் செய்வது. என்டரோபாக்டர் க்ளோவகே வளர்ந்து, செஃப்ட்ரியாக்சோன் சென்சிடிவ் என்று வந்தாலும் அதற்கு மாற்ற வேண்டாம். அந்தக் கிருமியிடம் ஒரு நொதி அடங்கிக் கிடக்கிறது. சிகிச்சை நடக்கும்போதே அது பெருகி மருந்தை உடைத்துவிடலாம். செஃபிபைம் அங்கே பொருத்தம். அதேபோல வயிற்றுக்குள் இருந்த சீழில் ஈ.கோலை மட்டும் வளர்ந்தால், அங்கே அது மட்டும்தான் இருந்தது என்று அர்த்தமில்லை. காற்றில்லா உயிரிகள் சாதாரணக் கல்ச்சரில் வளராது. அவற்றுக்கான மருந்தைக் கழற்றாதீர்கள்.

அறிகுறி இல்லாதவரின் சிறுநீர்க் கிருமிக்கு மருந்து

கர்ப்பம், சிறுநீர்ப் பாதையில் ரத்தக்கசிவு வரக்கூடிய அறுவை, இந்த இரண்டைத் தவிர அநேகமாக வேண்டாம்.

கடைசி நாளை எழுதாமல் தொடங்குவது

கடைசி நாள் எழுதாத மருந்து யாராவது கேட்கும்வரை ஓடும். 14 நாள் என்ற பழக்கம் ஆய்வில் பிறந்ததல்ல. ரத்தத்தில் கிருமி ஏறியவர்களில் 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்ட பேலன்ஸ் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள். 90 நாளில் இறப்பு 7 நாள் குழுவில் 14.5 சதவீதம், 14 நாள் குழுவில் 16.1 சதவீதம். குறைவான நாள் மோசமில்லை. வயிற்றுத் தொற்றில், சீழை வெளியேற்றிய பிறகு சுமார் 4 நாள் போதும் என்பதை 2015-லேயே இன்னொரு ஆய்வு காட்டிவிட்டது.

எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. கிருமிக்கு அடங்கும் மருந்து முதன்முதலில் போன நாள்தான் முதல் நாள். ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறும்போது எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதில்லை. மூன்று நாள் மெரோபெனம், பிறகு ஏழு நாள் மாத்திரை என்றால் அது பத்து நாள். இதை எழுதிக் காட்டினால்தான் பலருக்குப் புரிகிறது. நிமோனியாவில் எக்ஸ்ரே நிழல் மறையும்வரை காத்திருப்பதும் வேண்டாம். ஆள் தேறிய பிறகும் நிழல் வாரக்கணக்கில் இருக்கும்.

ஏழு நாள் கணக்கு எல்லோருக்கும் இல்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் இருந்தால் அந்த ஆய்வு பொருந்தாது. அவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அங்கே சுத்தமாக வந்த முதல் கல்ச்சரிலிருந்து குறைந்தது 14 நாள், இதய வால்வோ எலும்போ பாதித்திருந்தால் வாரக்கணக்கு. வடியாத சீழ், எடுக்காத குழாய், நோய் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தவர் என்றாலும் தனிக் கணக்கு. காசநோய் முற்றிலும் வேறு விஷயம். அங்கே மாதங்கள், ஒரு நாள்கூட விடக் கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் "இன்னும் 5 நாள்"

ஏழாம் நாள் முடிந்திருந்தால் சீட்டில் ஆன்டிபயாட்டிக் இருக்கக் கூடாது.