தோரணம் தொய்யட்டும்

பெங்களூரு அல்சூரில் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் சந்தின் குறுக்கே பூமாலையும் சீரியல் விளக்கும் ஏற்றுவோம். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, ஒன்றின் உச்சியில் கப்பி மாட்டி, கீழிருந்து கயிற்றை இழுப்போம். ஒவ்வொரு வருடமும் யாராவது, “அண்ணா, நடுவில் தொங்குது, இன்னும் கொஞ்சம் இழுங்க” என்பார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தோரணம் நேர்கோடாக நிற்க வேண்டும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சந்தின் அகலம் 24 அடி, மாலையும் விளக்கும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 2 அடி தொய்ய விட்டால் கயிற்றில் சுமார் 9 கிலோ இழுவை வரும். அதையே 3 அங்குலத் தொய்வுக்கு இழுத்தால் இழுவை 72 கிலோ! எடையை அகலத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். தொய்வு பாதியானால் இழுவை இரட்டிப்பாகும். எடை கூடினால் அதே விகிதத்தில் இழுவையும் கூடும். ஆடி மழையில் பூ நனைந்து 6 கிலோ 9 ஆனால், இறுக்கிக் கட்டிய கயிறுதான் முதலில் தடுமாறும்.

ஒரு வருடம் மூன்று பேர் சேர்ந்து முறுக்கி இழுத்தோம். இரவு மழைக்குப் பிறகு மூங்கில் சந்துப் பக்கம் சாய்ந்து நின்றது. அடியில் மண் விரிசல் விட்டிருந்ததைப் பார்த்துத்தான் இறக்கினோம். கம்பம் வளைந்தாலோ அடிமண் விலகினாலோ உடனே கயிற்றைத் தளர்த்துங்கள்.

அந்த 9 கிலோவும் கம்பத்தின் உச்சியைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த இழுவைக்கு எதிர்ப்பக்கம் பின்கயிறு ஒன்று கட்டி, கம்பத்தின் உயரமளவு தள்ளி முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டும். இடமில்லாத சந்தில் பாதி உயரம் தள்ளியாவது கட்டுங்கள், அப்போது பின்கயிற்றில் இழுவை அதிகம் என்பதால் முளை ஆழமாக இருக்கட்டும். சரி, உயரம்? 18 அடியில் கட்டி 2 அடி தொய்ந்தால் நடுவில் 16 அடி மிஞ்சும்.

சீரியல் ஒயரையே சுமக்கும் கயிறாக்காதீர்கள். இழுவையில் இணைப்புகள் பிய்ந்து செம்பு வெளியே வரும். தனி நைலான் கயிறு எடுத்து, அடிக்கு ஒரு முடிச்சாக ஒயரைத் தளர்வாகக் கட்டுங்கள். ஏற்றும்போது மின் இணைப்பு கூடவே கூடாது. மின்கம்பி போகும் பக்கம், கம்பம் விழுந்தால் கம்பியைத் தொடும் தூரத்தில் நடாதீர்கள். நனைந்த கயிற்றிலும் மின்சாரம் பாயும்.

இழுக்கிறவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் வழக்கம். கப்பி நழுவினால் விரல் போய்விடும். கம்பத்தின் அடியில் ஒரு கட்டை அடித்து, அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் பாரத்தைக் கட்டையே தாங்கும். ஏற்றி முடித்ததும் கயிற்றின் நுனியை அதே கட்டையில் கட்டிவிட்டு, குழந்தைகள் எட்டாத உயரத்தில் சுருட்டி மாட்டுங்கள்.