குளித்து முடித்ததும் தானாக எரிந்த ஸ்மார்ட் கண்ணாடி

வெந்நீரில் குளித்த பிறகு எங்கள் குளியலறைச் சுவரில் மாட்டிய ஸ்மார்ட் கண்ணாடியின் விளக்கு யாரும் தொடாமலே எரிந்து அணையும். இரண்டு மணி நேரம் காய்ந்தால் சரியாகிவிடும். அந்த நேரக் கணக்குதான் ஈரத்தைக் காட்டிக்கொடுத்தது.

மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். தொடுதலை உணரும் மின்சுற்றுப் பலகையின் செம்பில் பச்சைப் பூச்சு. மேலே ஐபி44 என்று எழுதியிருந்தது. அது தண்ணீர்த் தெறிப்புக்குத்தான், நீராவிக்கு அல்ல. வயர் வரும் சுவர்த் துளை வழியாக ஆவி நுழைந்து, குளிர்ந்த பின்பக்கத்தில் நீராகப் படிந்திருக்கிறது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பலகையைத் துடைத்து ஒரு நாள் காயவிட்டேன். அப்புறம் கனெக்டர்களை மறைத்துவிட்டு, பலகையை ஈரத்திலிருந்து காக்கும் மெல்லிய பூச்சான கன்ஃபார்மல் கோட்டிங் அடித்தேன். துளையை நியூட்ரல் சிலிக்கானால் அடைத்தேன். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் செம்பை அரிக்கும், அது வேண்டாம். அடிப்பக்கக் காற்றுத் துளையை மட்டும் மூடவில்லை. உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டுமே.

டிஜிட்டல் ஷவர் கன்ட்ரோலர் இந்த விஷயத்தில் மேல். பல மாடல்களில் முக்கிய மின்னணுப் பெட்டி குளிக்கும் இடத்துக்கு வெளியே இருக்கும். குளிக்கும் தண்ணீரின் வெப்பநிலை மாறாமல் இருப்பதற்காக அதற்குக் கூடுதல் காசு தருவேன். கண்ணாடிக்கு, பனி படியாமல் தடுக்கும் சூடேற்றி போதும், தொடுதிரைக்குத் தரமாட்டேன்.