பழைய பேட்மின்டன் மட்டையை அடையாளம் காண்பது எப்படி? புதிதாக ஆடுபவருக்கு எது பொருந்தும்?

அத்தை மகன் வேலைக்காக வெளியூர் போனபோது, இரண்டு மட்டைகள் இருந்த பையை எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாறு வருடம் கழித்து, பேட்மின்டன் பயிற்சியில் சேர்ந்த என் தங்கை மகள் அதை இறக்கிவந்து, "மாமா, இதில் எனக்கு எது?" என்று கேட்டாள். விடை கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் ஒரு காந்தம்

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து, மட்டையின் தண்டில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்புத் தண்டு. மேலே உள்ள வளையம் பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும். பையிலிருந்த முதல் மட்டை இந்த வகை. மொட்டை மாடியிலும் தெருவிலும் பிளாஸ்டிக் ஷட்டில்காக் வைத்து ஆட அது போதும். அரங்கப் பயிற்சிக்கு அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். கனம் கூடுதல், நரம்பையும் ஓரளவுக்கு மேல் இழுத்துக் கட்ட முடியாது.

*பின்சேர்க்கை: காந்தம் ஒட்டாததால் கிராஃபைட் என்று நம்பி ஏமாந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அலுமினிய வளையத்துக்குக் கிராஃபைட் தண்டு வைத்த மட்டைகளும் உண்டு. அவற்றில் காந்தம் எங்குமே ஒட்டாது. தண்டும் வளையமும் சேரும் கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். முழுக் கிராஃபைட் மட்டையில் அந்த இடம் ஒரே வார்ப்பாக வழுவழுப்பாக ஓடும். அலுமினியத்தில் தனித்துண்டு ஒன்றைச் செருகிய விளிம்பு விரலில் தட்டும்.*

முத்திரை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை போனது இங்கேதான். இரண்டாவது மட்டை யோனெக்ஸ். வளையத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், தண்டு, அடிக்கட்டை எல்லாம் பார்த்தேன். பெயர் இருந்தது, எடையைச் சொல்லும் குறியீடு மட்டும் இல்லை. போலி மட்டை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு, பழுப்பேறிப் பிசுபிசுத்துக் கிடந்த கிரிப்பை மாற்றலாம் என்று பிரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிடி முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கையைச் சற்று மேலே வைத்துப் பிடிப்பவர்கள் அந்த மூடியையும் சேர்த்துக் கிரிப்பைச் சுற்றிவிடுவார்கள். அத்தை மகனும் அப்படித்தான் செய்திருக்கிறார், அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சுற்று. ஆகவே தேடும் முன் மேலே சுற்றிய கிரிப்புகளை எல்லாம் கழற்றுங்கள். கட்டையோடு ஒட்டிவந்த அசல் கிரிப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. எனக்குக் கூம்பில் முதல் வரியும், வளையத்தை ஒட்டி இரண்டாவது வரியும் கிடைத்தன:

```
3U G4
20-28 lbs
```

அதைப் படிப்பது

யூ என்பது எடை. எண் ஏற ஏற எடை குறையும். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84, 5யூ என்றால் 75 முதல் 79. இது நரம்பு கட்டாத மட்டையின் எடை. சமையலறைத் தராசில் வைத்துவிட்டு "4யூ என்கிறது, 90 காட்டுகிறதே" என்று பதற வேண்டாம். நரம்பும், மேலே சுற்றிய கிரிப்பும் ஆளுக்கு ஐந்து கிராம் அளவில் சேர்த்துவிடும்.

ஜி என்பது பிடியின் பருமன். இதிலும் யோனெக்ஸ் கணக்கு தலைகீழ்தான்: ஜி5 மெலிந்தது, ஜி4 அதைவிடப் பருமன். லி-நிங் மட்டையில் எஸ்1, எஸ்2 என்று இருக்கும். அங்கே எண் ஏறினால் பிடியும் பருக்கும். ஒரு நிறுவனத்தின் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொன்றை வாங்கப் போகாதீர்கள்.

அடுத்து, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் 20-28. அது இப்போது கட்டியிருக்கும் நரம்பின் இறுக்கம் அல்ல. வளையச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்ற வரம்பு. நான் 28-ஐப் பார்த்துவிட்டு, அதிகம் என்றால் நல்லது என்று எண்ணி, நரம்பு கட்டுபவரிடம் 28 பவுண்டு போடச் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். மறுவாரமே தங்கை மகள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் பலம்கொண்ட மட்டும் அடித்தாலும் காக் எதிராளியின் பாதிக் களத்தைத் தாண்டவில்லை.

காரணம் எளியது. இறுக்கம் கூடினால் நரம்புப் பரப்பு பலகைபோல் ஆகிவிடும். காக்கினைச் சரியாக எறியும் இடம் நடுவில் சின்னதாகச் சுருங்கும். பழகியவர் அந்த இடத்திலேயே அடிப்பார். புதியவரின் அடி நடுவிலும் படும், ஓரத்திலும் படும். ஓரத்தில் பட்ட அதிர்ச்சி நேராகக் கைக்கு ஏறும். மேல் விளிம்பருகே நரம்பு அடிக்கடி அறுவதும் இதனால்தான். பத்தே நாளில் அங்கேதான் அறுந்தது.

அறுந்தால் ஒன்று செய்யுங்கள்: மீதி நரம்பை அப்படியே வைத்திருக்காமல் உடனே வெட்டிவிடுங்கள், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகி நின்றால் சட்டம் கோணிக்கொள்ளும்.

நரம்பு

நரம்பு கட்டுவதை விளையாடுகிறவர்கள் 'கட்டிங்' என்பார்கள், வெட்டுவது அல்ல. பழைய நரம்பில் பெயர் அச்சிட்டிருந்தாலும், காக் படும் நடுப்பகுதியில் அழிந்திருக்கும், ஓரங்களில் தேடுங்கள். முடிச்சுகளையும் எண்ணுங்கள். இரண்டு என்றால் ஒரே நரம்பால் கட்டியது, நான்கு என்றால் இரண்டு துண்டு. இரண்டுமே சரியான முறைதான். ஆனால் ஆறு ஏழு முடிச்சு இருந்தால் அறுந்த இடத்தை யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

என் தேர்வு 0.70 மில்லிமீட்டர் தடிமனுள்ள யோனெக்ஸ் பிஜி65 நரம்பு, 22 பவுண்டு. சில கடைகளில் கிலோவில் கேட்பார்கள். 22 பவுண்டு என்பது 10 கிலோ. மெல்லிய நரம்பு சத்தம் நன்றாகக் கொடுக்கும், புதியவர் கையில் நாள்படாது.

கடைசியில் எதை வாங்கினேன்

3யூ ஜி4 அவளுக்குப் பொருந்தவில்லை. பதின்மூன்று வயதுக் கைக்குப் பிடி பருமன். பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. ஒரு விரல் இடைவெளிதான் கணக்கு. பிடி மெலிதாக இருந்தால் மேலே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். பருமனாக இருந்தால் செதுக்கவா முடியும்? ஆகவே சந்தேகம் இருந்தால் ஜி5.

எடைக்கு 4யூ. தலைப்பக்கம் கனமா என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. கடையில் இரண்டு மட்டைகளை ஆள்காட்டி விரலில் குறுக்கே வைத்துச் சமன்படும் இடத்தை ஒப்பிட்டேன். எது பிடியிலிருந்து தள்ளிச் சமன்பட்டதோ அதுதான் தலைக்கனம். ஸ்மாஷ் அடிக்க அது உதவும் என்று கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஸ்மாஷ் இன்னும் கற்காத பிள்ளைக்கு, சர்வீஸைத் திருப்பவே அது தாமதமாகும். தண்டு வளையும் வகையாக, சமநிலை நடுவே இருக்கும் மற்றதை எடுத்தேன்.

*இன்னொரு பின்சேர்க்கை: பழைய மட்டைக்கே நரம்பு கட்டப் போகிறவர்கள், கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் இடங்களில் சட்டத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி மட்டையோடு மோதும் இடங்கள் அவை. வண்ணம் மட்டும் பெயர்ந்திருந்தால் கவலையில்லை. நகம் சிக்கும் கோடு இருந்தால் அது விரிசல், நரம்பை இழுக்கும்போதே உடையும். கட்டுக்கூலிக்கு முன் இதைப் பார்க்கச் சொல்லாமல் விட்டது என் தவறு.*