அபுதாபி பள்ளிவாசலுக்குப் போகும்போது சேலை வேண்டாம்

களியக்காவிளை பக்கம் வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். மகனைப் பார்க்க அபுதாபி போகும் அம்மாமார் தவறாமல் போகிற இடம் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல். பிற மதத்தவரும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

போன மாதம் எங்கள் மைனி அதற்கென்றே பட்டுச் சேலை எடுத்து வைத்தார். பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதாருக்கு மேல் முண்டு சுற்றிப் பழகியவர், சேலைதான் மரியாதை என்று நினைத்துவிட்டார். அங்கே கணக்கே வேறு. பெண்களுக்குக் கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை மூடியிருக்க வேண்டும், தலையிலும் துணி வேண்டும். அரைக்கை ரவிக்கையும் தெரியும் இடுப்பும் சரிவராது. முழுக்கை வைத்த தொளதொள சுடிதார் போதும். துப்பட்டா பருத்தியில் இருக்கட்டும். ஷிஃபான் என்றால் முடி தெரியும், வழுக்கியும் விழும்.

ஆண்கள் அரைக்கால் சட்டையையும் கையில்லாத சட்டையையும் தவிர்க்க வேண்டும். தொழுகைக் கூடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லலாம், எனவே சுலபமாகக் கழற்றக்கூடியதைப் போடுங்கள். படம் எடுக்கும்போது தம்பதிகள் கைகோக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையையொட்டிப் பார்வை நேரம் மாறும், நேரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.